அத்தியாயம் 6: கடலைப் பார்த்தீர்களா, கடலை பார்த்தீர்களா?

மின்னஞ்சலில் ஒருவர் எழுதுகிறார்: "நேற்று மெரினாவில் உட்கார்ந்து கடலை பார்த்துக்கொண்டிருந்தேன்." ஒற்று விட்டுப்போயிற்று. இலக்கணப்படி அவர் பார்த்தது வேர்க்கடலை. "கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று மாற்றச் சொல்கிறது திருத்தி. மாற்றினால் கடல் வந்துவிடுகிறது. நல்ல திருத்தம்.

இன்னொருவர் "மெரினாவில் கடலை கொறித்தேன்" என்று எழுதுகிறார். அதே திருத்தி, அதே விதியை வைத்து, "கடலைக் கொறித்தேன்" என்கிறது. ஏற்றுக்கொண்டால் மனிதர் வங்கக் கடலையே கொறித்துவிட்டார்.

திரையில் இரண்டுக்கும் ஒரே கோடுதான், ஒரே மாதிரிப் பரிந்துரைதான். எது சரி, எது தப்பு என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். தமிழில் மின்னஞ்சல் எழுதிவிட்டுத் திருத்தியில் போட்டுப் பார்க்கும்போது, எந்தப் பரிந்துரையை ஏற்பது, எதை விடுவது என்பதை ஒரு கடிதத்தை வைத்தே இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

## திருத்தி எதைப் பார்க்கிறது?

தமிழ்த் திருத்திகள் பெரும்பாலும் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. முதல் வேலை எழுத்துப்பிழை. சொல்லைப் பிரித்து, அதன் வேர் அகராதியில் இருக்கிறதா, ஒட்டியிருக்கும் உருபும் விகுதியும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும். தெரியாத சொல்லாக இருந்தால், எழுத்தளவில் அதற்குக் கிட்டத்தில் இருக்கும் சொற்களை நீட்டும். இரண்டாவது வேலை சந்திப்பிழை. அடுத்தடுத்த இரண்டு சொற்களின் ஓரத்தைப் பார்த்து, முதல் சொல் எந்த எழுத்தில் முடிகிறது, அடுத்தது க, ச, த, ப வரிசையில் தொடங்குகிறதா, நடுவில் ஒற்று வேண்டுமா என்று முடிவு செய்யும். இணையத்தில் கிடைப்பவற்றில் நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழைக்கும், நாவி சந்திப்பிழைக்கும் உரியவை.

சிக்கல் எங்கே வருகிறது? ஒற்று மிகுவது எழுத்தை மட்டும் பொறுத்த விஷயமாக இருந்தால் இயந்திரம் தவறவே தவறாது. ஆனால் "தம்பி போனான்" என்பதில் ஒற்று இல்லை. "ஓடிப் போனான்" என்பதில் உண்டு. இரண்டிலும் முதல் சொல் இகரத்தில்தான் முடிகிறது, அடுத்த சொல்லும் ஒன்றுதான். வேறுபாடு இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள உறவில் இருக்கிறது. தம்பி போகிறவன்; ஓடியது அவன் போன விதம். தம்பி பெயர்ச்சொல், ஓடி வினையெச்சம் என்று அகராதியைக் கொண்டு ஒரு நல்ல திருத்தி பிரித்துவிடும். ஒரே எழுத்துக்கோவை இரண்டு சொற்களாக இருக்கும்போதுதான் அது திணறும். கடலை என்பது கொறிக்கிற கடலையாகவும் இருக்கலாம், கடல் என்ற சொல்லோடு ஐ சேர்ந்ததாகவும் இருக்கலாம். எது என்பதை அந்த வாக்கியத்தின் நோக்கம்தான் சொல்லும். நோக்கம் உங்களிடம் இருக்கிறது, மென்பொருளிடம் இல்லை.

## ஒரு கடிதம்

ஊர் வீட்டைப் பழுதுபார்ப்பது பற்றி, கோயம்புத்தூரில் இருக்கும் பெரியப்பாவுக்கு ஒருவர் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அத்தைக்கும் ஒரு நகல் போகிறது. அதாவது இது பாசமும் கணக்கும் கலந்த கடிதம். இப்படிப்பட்ட கடிதத்தில்தான் திருத்தி அதிக வேலை வைக்கும்.

> அன்புள்ள பெரியப்பா,
>
> பெரியம்மாவுக்கு முட்டி வலி இப்போ எப்படி இருக்கு?
>
> போன வாரம் ஊருக்கு போய் கொத்தனாரை பார்த்தேன். அத்தை சொன்னதை தான் அவரும் சொல்கிறார். கூடத்து உத்திரம் சுவற்றை விட்டு விலகி இருக்கிறதாம். தச்சு வேலை தெரிந்த ஒருவருக்கு வேலை கொடுத்திருக்கிறேன். அவர் தந்த கணக்குப்படி எண்பதாயிரம் ஆகும். முன்பணம் கொடுக்கும் பொருப்பு என்னுடையது. மிச்சத்தை நீங்களும் அத்தையும் பார்த்துக்கொண்டால் போதும்.
>
> தாத்தா பார்த்து பார்த்து கட்டின வீடு. அதான் மனசு கேக்கல.
>
> அம்மா உங்களை விசாரித்ததாக சொல்ல சொன்னார்கள்.

இந்தக் கடிதத்துக்கு 18 பரிந்துரைகள் வருகின்றன. பல வகைத் திருத்திகள் தரக்கூடியவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். உங்களுடையது இவற்றில் சிலவற்றை மட்டும் காட்டலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## யோசிக்காமல் ஏற்கக்கூடியவை

ஆறு பரிந்துரைகளை அப்படியே ஏற்கலாம். "ஊருக்குப் போய்", "போய்க் கொத்தனாரை", "கொத்தனாரைப் பார்த்தேன்", "விசாரித்ததாகச் சொல்ல", "சொல்லச் சொன்னார்கள்" ஆகிய ஐந்தும் ஒற்று சம்பந்தப்பட்டவை. ஆறாவது, சுவற்றை என்பதைச் சுவரை என்று மாற்றுவது.

முதல் ஐந்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஊருக்கு என்பதற்கு வேறு பொருளே கிடையாது. அது நான்காம் வேற்றுமை, க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். கொத்தனாரை என்பதில் ஐ வெளிப்படையாக இருக்கிறது. போய், ஆக, சொல்ல ஆகியவையும் அப்படித்தான். ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு வாசிப்புதான் உண்டு என்றால் திருத்தி சொல்வதை நம்பலாம்.

காதும் இதற்குச் சாட்சி சொல்லும். "கொத்தனாரைப் பார்த்தேன்" என்று நிறுத்தாமல் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். உதடு ஏற்கெனவே ஒரு ப் போட்டு அழுத்திவிட்டுத்தான் அடுத்த எழுத்துக்குப் போகும். எழுத்தில்தான் நீங்கள் அதை விட்டிருக்கிறீர்கள். ஆகவே இந்த ஒற்றைச் சேர்ப்பதால் கடிதம் விறைப்பாகிவிடும் என்று பயப்பட வேண்டாம். பேச்சில் இருக்கும் அழுத்தம்தான் எழுத்தில் வருகிறது.

சுவர் விஷயம் வேறு வகை. கிணறு கிணற்றை ஆகிறது, வயிறு வயிற்றை ஆகிறது, ஏனென்றால் அவை று என்று முடிகின்றன. சுவர் ர் என்று முடிகிற சொல். அது சுவரை என்றுதான் ஆகும். மற்றவற்றைப் பார்த்துப் பழகிய வாய் இதையும் சுவற்றை ஆக்கிவிட்டது. மாற்றினால் பொருள் கெடாது, பெரியப்பாவுக்குக் கடிதத்தின் தொனி மாறியதாகவும் தோன்றாது. ஏற்றுக்கொள்ளுங்கள்.

## பாதி சரி, பாதி தப்பு

ஏழாவது பரிந்துரை கொஞ்சம் தந்திரமானது. "அத்தை சொன்னதை தான்" என்பதை "அத்தைச் சொன்னதைத்தான்" என்று மாற்றச் சொல்கிறது. ஒரே சொடுக்கில் இரண்டு மாற்றங்கள். இரண்டாவது சரி, சொன்னதை என்பதில் ஐ வெளிப்படையாக இருக்கிறது, தான் அதோடு ஒட்டும். முதலாவது தப்பு. அத்தை என்ற சொல் ஐயில் முடிவதைப் பார்த்து, அதை இரண்டாம் வேற்றுமை என்று திருத்தி நினைத்துவிட்டது. இங்கே அத்தைதான் சொன்னவர், எழுவாய். எழுவாய்க்குப் பின்னால் ஒற்று வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, அந்த இடத்தில் மாமாவை உட்காரவைப்பது. "மாமா சொன்னதை" என்று சொல்வோமா, "மாமாச் சொன்னதை" என்று சொல்வோமா? இரண்டாவதைக் கேட்டாலே சிரிப்பு வரும். அப்படியென்றால் அத்தைக்கும் ஒற்று வேண்டாம். தங்கை, அன்னை, ஆசிரியை என்று ஐயில் முடியும் எல்லாப் பெயர்களுக்கும், கலை என்ற பெயருள்ள தோழிக்கும், இந்தச் சோதனை செல்லும். "கலை சொன்னாள்" என்றால் பெண். "கலைச் சொல்" என்றால் அகராதி.

இப்படி ஒரே பரிந்துரையில் நல்லதும் கெட்டதும் சேர்ந்து வந்தால் அதைச் சொடுக்காதீர்கள். நிராகரித்துவிட்டு, வேண்டிய பாதியை மட்டும் கையால் தட்டிக்கொள்ளுங்கள்.

## ஏற்றால் கதை மாறும்

அடுத்த மூன்றும் ஆபத்தானவை. அவற்றை ஏற்றாலும் வாக்கியம் பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கும். அதனால்தான் ஆபத்து.

"வேலைக் கொடுத்திருக்கிறேன்." தச்சருக்குக் கொடுத்தது பணி. ஒற்றைச் சேர்த்தால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கொடுத்ததாக ஆகிறது. இதைச் சோதிக்க, மறைந்திருக்கும் உருபை வெளியே கொண்டுவாருங்கள். "வேலையைக் கொடுத்திருக்கிறேன்" என்று மாற்றினால் நீங்கள் சொல்ல வந்தது அப்படியே இருக்கிறதா? இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் சொல் வேலை. அதில் ஐ தொக்கி நிற்கிறது. உருபு தொக்கி நிற்கும் இந்த இடத்தில் ஒற்று மிகாது. கடலைக்கும் இதே சோதனைதான். "கடலையைக் கொறித்தேன்" என்று சொல்ல முடிகிறது, ஆகவே "கடலை கொறித்தேன்" சரி. "கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றால் நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல, ஆகவே அங்கே "கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று ஒற்றோடு எழுத வேண்டும்.

"தந்தக் கணக்குப்படி." தந்த என்பது கொடுத்த என்ற பொருளில் பெயரெச்சம். யானைத் தந்தத்தால் செய்தது என்றால் தந்தப் பெட்டி, தந்தச் சிலை என்று ஒற்றோடு வரும். ஒற்றுப் போட்டால் தச்சர் யானைத் தந்தத்துக்குக் கணக்குக் கொடுத்ததாகப் படிக்கலாம். இங்கே சோதனை, காலத்தை மாற்றிப் பார்ப்பது. "அவர் தருகிற கணக்கு", "அவர் தரும் கணக்கு" என்று மாற்ற முடிந்தால் அது வினை. பெயரெச்சத்துக்குப் பின் ஒற்று மிகாது. "தந்தப் பெட்டி" என்பதைத் "தருகிற பெட்டி" என்று மாற்ற முடியாது. "கொடுத்தப் பணம்", "வந்தக் கடிதம்" என்று பலர் எழுதுவது இந்த இடத்தில் சறுக்கித்தான். "அந்தக் கணக்கு" என்பதில் ஒற்று வருவதைப் பார்த்துவிட்டு, எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறோம். அந்த, இந்த, எந்த ஆகியவற்றைக் காலம் மாற்ற முடியாது. அதனால் அவற்றுக்கு ஒற்று உண்டு.

"இருக்கிறதா" அல்லது "இருக்கிறது". இருக்கிறதாம் என்ற வடிவம் திருத்தியின் அகராதிக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கும் இரண்டு சொற்களை நீட்டுகிறது. இருக்கிறதா என்றால் பெரியப்பாவிடம் கேள்வி கேட்பதாகிவிடும். கோயம்புத்தூரில் இருக்கும் அவருக்கு உத்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? இருக்கிறது என்பது இன்னும் மோசம். நீங்களே ஏணி வைத்து ஏறிப் பார்த்ததாக ஆகிவிடும். எத்தனை அங்குலம் விலகியிருக்கிறது என்று அவர் பதில் போட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த ஆம் ஒன்றுதான் இது கொத்தனார் சொன்னது, நான் பார்த்ததில்லை என்று சொல்கிறது. செலவு சம்பந்தப்பட்ட கடிதத்தில் யார் பார்த்தது, யார் கேட்டது என்பதற்கு விலை உண்டு.

சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் ஆம், ஏ, ஓ, உம், தான் எல்லாமே இப்படித்தான். எழுத்து ஒன்றிரண்டுதான், சுமப்பது பெரிய பொருள். "அவரும் சொல்கிறார்" என்பதில் உம்மை எடுத்துவிட்டால், அத்தை முன்பே சொன்னதோடு அவர் சொல்வது ஒத்துப்போகிறது என்ற செய்தி நைந்துவிடும். இவற்றைத் தொடும் எந்தப் பரிந்துரையையும் இரண்டு முறை படியுங்கள்.

பதினோராவது பரிந்துரை "பார்த்து பார்த்து" என்பதில் ஒன்றை நீக்கச் சொல்கிறது. கைதவறி ஒரே சொல்லை இரண்டு முறை தட்டியவர்களுக்காக வைத்த விதி இது. ஆனால் தமிழில் அடுக்கிச் சொல்வதற்குத் தனிப் பொருள் உண்டு. பார்த்துக் கட்டின வீடு என்றால் ஜாக்கிரதையாகக் கட்டினது. பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு என்றால் ஒவ்வொரு தூணையும் ஆசையோடு நிறுத்தினது. நீக்கச் சொல்வதை நிராகரித்துவிட்டு, அந்தப் பரிந்துரை கவனிக்காத இரண்டு ஒற்றுகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

## உங்கள் குரல் இருக்கும் இடம்

மிச்சம் ஏழு. இப்போ என்பதை இப்போது ஆக்கு, இருக்கு என்பதை இருக்கிறது ஆக்கு, கட்டின என்பதைக் கட்டிய ஆக்கு, அதான், மனசு, கேக்கல ஆகிய மூன்றையும் எழுத்துத் தமிழாக்கு, சொன்னார்கள் என்பதைச் சொன்னார் ஆக்கு. இவை எதிலும் பொருள் மாறாது. ஆகவே முன்னால் சொன்ன சோதனைகள் இங்கே உதவாது. இங்கே கேட்க வேண்டியது, இந்த மாற்றத்துக்குப் பிறகும் பெரியப்பாவுக்கு இது நான் எழுதியதாகத் தெரியுமா என்பது.

கடிதத்தை மறுபடி பாருங்கள். பேச்சுத் தமிழ் இரண்டு இடங்களில் மட்டும் இருக்கிறது. தொடக்கத்தில் பெரியம்மாவின் முட்டி வலியை விசாரிக்கும்போதும், கடைசியில் வீட்டைப் பற்றி மனம் திறக்கும்போதும். நடுவில் கொத்தனார், தச்சர், எண்பதாயிரம் என்று வரும் பகுதி முழுக்க எழுத்துத் தமிழ். எழுதியவர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, உறவு பேசும் இடத்துக்கு ஒரு தமிழ், கணக்குப் பேசும் இடத்துக்கு ஒரு தமிழ் என்று அமைந்துவிட்டது. "அதனால்தான் மனம் கேட்கவில்லை" என்று மாற்றினாலும் செய்தி போய்ச் சேரும். ஆனால் அதைச் சொல்வது தம்பி மகன் மாதிரி இருக்காது, வானொலி நாடகத்தில் வரும் தம்பி மகன் மாதிரி இருக்கும். இதே விஷயத்தை ஊராட்சி அலுவலகத்துக்கு எழுதினால் ஏழு பரிந்துரைகளையும் ஏற்றிருக்கலாம். இன்னும் சொல்லப்போனால் அந்த வாக்கியங்களே அங்கே வந்திருக்காது.

கட்டின என்பதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. அது கொச்சை இல்லை, பிழையும் இல்லை. கட்டிய என்பதைப் போலவே முறையான இறந்தகாலப் பெயரெச்சம். திருத்தி ஒரு வடிவத்தைப் பரிந்துரைக்கிறது என்பதாலேயே இன்னொன்று தப்பு என்று ஆகிவிடாது. கருப்பு, கறுப்பு, கோயில், கோவில், நாள்கள், நாட்கள் எல்லாம் இந்த வகைதான். உங்கள் கைக்கு எது பழக்கமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்; ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

சொன்னார்கள் என்பது வீட்டு விஷயம். அம்மா ஒருவர், வினை பன்மை, ஆகவே பொருந்தவில்லை என்று திருத்தி கணக்குப் போடுகிறது. ஆனால் அது மரியாதைப் பன்மை. சில வீடுகளில் அம்மா சொன்னாள், சில வீடுகளில் சொன்னார், சில வீடுகளில் சொன்னார்கள். உங்கள் வீட்டில் எதுவோ அதுதான் சரி. திருத்தி சொன்னதைக் கேட்டுக் குறைத்து எழுதினால், பெரியப்பாவின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

குரலைக் காப்பாற்றுவதற்கும் ஓர் எல்லை உண்டு. இல்லை என்பதைப் பேச்சில் சுருக்கும்போது கவனம் தேவை. "இன்னும் பணம் அனுப்பல" என்று எழுதினால், திருத்திக்குக் கிட்டத்தில் தெரியும் சொல் அனுப்பலாம். அசந்து சொடுக்கினால் அனுப்பவில்லை என்ற தகவல் அனுப்பலாம் என்ற அனுமதியாகிவிடும். கேக்கல என்பது மனசு விஷயம், கெட்டுப்போக ஒன்றும் இல்லை. பணம், தேதி, சம்மதம் இந்த மூன்றிலும் எதிர்மறையை முழுசாக எழுதுங்கள்: அனுப்பவில்லை, வரவில்லை, சம்மதிக்கவில்லை.

## கோடே விழாத பிழை

18 பரிந்துரைகளில் ஒன்றுகூடச் சொல்லாத ஒரு பிழை கடிதத்தில் இருக்கிறது. "முன்பணம் கொடுக்கும் பொருப்பு என்னுடையது." பொறுப்பு என்று இருக்க வேண்டும். பொருப்பு என்றும் ஒரு சொல் உண்டு. பழைய இலக்கியச் சொல், மலை என்று பொருள். அகராதி பெரிதாக இருக்கும் திருத்தி அதைக் கண்டதும் தெரிந்த சொல் என்று விட்டுவிடும். அகராதி வளர வளர இந்த வகைப் பிழை ஒளிந்துகொள்ள இடம் கூடும்.

ர, ற, ல, ள, ழ, ன, ண இவற்றில் வரும் பிழைகள் பெரும்பாலும் இன்னொரு நல்ல சொல்லாகவே அமைந்துவிடும். பனி, பணி, அரை, அறை, கரை, கறை. வீட்டு விஷயம் எழுதும்போது கூரை, கூறை இரண்டையும் கவனியுங்கள். கூரை வீட்டுக்கு, கூறை கல்யாணப் புடவை. நீங்கள் வழக்கமாகத் தடுமாறும் ஐந்தாறு இணைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அனுப்பும் முன் அவற்றை மட்டும் தேடிப் பார்ப்பது நல்லது.

எண்ணும் அப்படியே. எண்பதாயிரம், எண்ணாயிரம் இரண்டும் பிழையில்லாத சொற்கள். ஒன்றுக்குப் பதில் ஒன்று வந்தால் எந்தத் திருத்தியும் வாய் திறக்காது. எழுத்தோடு இலக்கத்திலும் 80,000 என்று போட்டுவிடுங்கள்.

## செய்யும் வரிசை

1. திருத்தியில் போடும் முன் கடிதத்தின் மூலப் படியைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றும் பொத்தான் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.
2. ஒரே வாசிப்பு உள்ளவற்றை முதலில் ஏற்று முடியுங்கள். திரையில் கோடுகள் குறைந்தால் மற்றவை கண்ணுக்குத் தெரியும்.
3. சந்தேகமானவற்றுக்கு மூன்று சோதனைகள்: மாமாவை உட்காரவைப்பது, மறைந்த உருபை வெளியே கொண்டுவருவது, காலத்தை மாற்றுவது.
4. பொருள் மாறாத பரிந்துரை என்றால், பெறுபவரை நினைத்து முடிவு செய்யுங்கள்.
5. கடைசியில் மூலப் படியோடு ஒப்பிட்டு, பெயர், தொகை, யார் சொன்னது, மரியாதை ஆகிய நான்கையும் பார்த்துவிட்டு, ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்.

இப்படிச் செய்த பின் கடிதம்:

> அன்புள்ள பெரியப்பா,
>
> பெரியம்மாவுக்கு முட்டி வலி இப்போ எப்படி இருக்கு?
>
> போன வாரம் ஊருக்குப் போய்க் கொத்தனாரைப் பார்த்தேன். அத்தை சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். கூடத்து உத்திரம் சுவரை விட்டு விலகி இருக்கிறதாம். தச்சு வேலை தெரிந்த ஒருவருக்கு வேலை கொடுத்திருக்கிறேன். அவர் தந்த கணக்குப்படி எண்பதாயிரம் (ரூ. 80,000) ஆகும். முன்பணம் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. மிச்சத்தை நீங்களும் அத்தையும் பார்த்துக்கொண்டால் போதும்.
>
> தாத்தா பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு. அதான் மனசு கேக்கல.
>
> அம்மா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

18 பரிந்துரைகளில் முழுசாக ஏற்றது ஆறு, பாதி ஏற்றது ஒன்று, விட்டது பதினொன்று. நாமே கண்டுபிடித்துத் திருத்தியது தனி.

## பயிற்சி

கீழே உள்ள நான்கிலும் திருத்தியின் பரிந்துரையை ஏற்பீர்களா? விடையைப் பார்க்கும் முன் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

1. "தங்கை கொடுத்த புத்தகம்" என்பதைத் "தங்கைக் கொடுத்தப் புத்தகம்" ஆக்கச் சொல்கிறது.
2. "மருத்துவரை கேட்டு சொல்கிறேன்" என்பதை "மருத்துவரைக் கேட்டுச் சொல்கிறேன்" ஆக்கச் சொல்கிறது.
3. "தம்பி வந்து சொன்னான்" என்பதைத் "தம்பி வந்துச் சொன்னான்" ஆக்கச் சொல்கிறது.
4. "வாடகை இன்னும் வரல" என்பதை "வாடகை இன்னும் வரலாம்" ஆக்கச் சொல்கிறது.

விடை:

1. இரண்டு ஒற்றும் வேண்டாம். மாமாவை உட்காரவையுங்கள்: மாமா கொடுத்த. காலத்தை மாற்றுங்கள்: கொடுக்கிற புத்தகம்.
2. இரண்டையும் ஏற்கலாம். மருத்துவரை என்பதில் ஐ வெளிப்படை. கேட்டு என்பது வல்லெழுத்தைத் தொடர்ந்து வரும் குற்றியலுகரம். பார்த்துப் பார்த்து போலவே ஒற்று மிகும்.
3. வேண்டாம். வந்து என்பது மெல்லெழுத்தைத் தொடர்ந்து வருவது. "வந்து சொன்னான்" என்று வேகமாகச் சொல்லுங்கள். நாக்கு எங்கும் அழுத்தவில்லை.
4. வேண்டாம். ஆனால் வரல என்றும் விடாதீர்கள். வரவில்லை என்று எழுதுங்கள். வாடகைக்காகக் காத்திருப்பவர் நீங்கள்.